கைதட்டலும் பின்னமும்: தாள விளையாட்டுகளின் வரலாறு

கைதட்டல், விரல் நொடித்தல், சிரட்டை, தீப்பெட்டி, டம்ளர் போன்ற கையில் கிடைத்த பொருள்களைத் தட்டுதல் ஆகியவற்றைக் கொண்டு தாளத்தையும் பின்னத்தையும் ஒருசேரக் கற்பிக்கும் விளையாட்டுகள் இன்று பல நாடுகளின் தொடக்கப் பள்ளிகளில் இடம்பெறுகின்றன. இவை புதியனவாகத் தோன்றினாலும் இவற்றின் அடிப்படை பழமையானது. காலத்தை ஓர் அளவாகக் கொண்டு, அதைக் கால், அரை, முக்கால் எனப் பகுத்துக் காட்டும் வழக்கம் தமிழ் இலக்கணத்திலும் கருநாடக இசையிலும் நெடுங்காலமாக உள்ளது. ஐரோப்பாவில் இதே வழியை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு கணித ஆசிரியர் தாமாகக் கண்டடைந்தார்.

இந்த வரலாறு முழுவதிலும் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. எதை 'ஒன்று' என்று கொள்வது? பின்னக் கணக்கில் மாணவர் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை இக்கேள்விக்கு விடை தெரியாததால் வருவன. தாளத்தில் மாணவர் செய்யும் பிழைகளும் அவ்வாறே.

## விரல் நொடியில் கால், அரை, முக்கால்

தமிழ் எழுத்துகளின் ஒலி அளவு மாத்திரை எனப்படும். குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு மாத்திரை, மெய் அரை மாத்திரை. 'போன்ம்' என்பதில் வரும் மகர மெய் தன் அரை மாத்திரையிலிருந்தும் பாதியாகக் குறைந்து கால் மாத்திரை பெறும்; இதை மகரக்குறுக்கம் என்பர். ஆக, எழுத்திலக்கணம் கற்ற மாணவர் ஒவ்வொருவரும் பின்னத்தைக் காதால் கேட்டுப் பழகியவரே.

மாத்திரை என்பது எவ்வளவு நேரம்? இயல்பாகக் கண் இமைக்கும் நேரமும் கைவிரல் நொடிக்கும் நேரமும் ஒரு மாத்திரை என்று தொல்காப்பியம் வரையறுக்கிறது. நொடி என்ற சொல் இன்று கடிகாரத்தின் விநாடியைக் குறிக்கிறது. அன்று அது விரலைச் சொடுக்குவதையே குறித்தது.

நன்னூல் உரைகளில் எடுத்துக்காட்டப்படும் பழைய நூற்பா ஒன்று இன்னும் ஒரு படி செல்கிறது. ஒரு நொடியை அது நான்காகப் பகுக்கிறது. நொடிக்க வேண்டும் என்று நினைக்கும்போது கால் மாத்திரை ஆகிறது. கட்டைவிரலை நடுவிரலோடு ஊன்றும்போது அரை. விரலை முறுக்கும்போது முக்கால். சொடுக்கி விடும்போது ஒன்று.

இந்தப் பகுப்பில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஓசை எழுவது கடைசியில் மட்டுமே. கால், அரை, முக்கால் மூன்றும் ஓசையின்றிக் கையின் அசைவில் கழிகின்றன. பின்னம் என்பது ஓசையின் எண்ணிக்கை அன்று, கழிந்த காலத்தின் நீளம் என்பதை இது தெளிவாகக் காட்டுகிறது. பிற்காலத்துத் தாள விளையாட்டுகள் பலவும் தடுக்கி விழும் இடம் இதுவே. அதைப் பின்னர்க் காண்போம்.

## தாளத்தில் பின்னப் பெயர்கள்

தமிழில் கீழ்வாய் எண்களுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. முக்கால், அரை, கால், அரைக்கால், மாகாணி என்று இறங்கி, முந்திரி என்ற 1/320 வரை அவை செல்லும். இவற்றில் அரைக்கால் என்பது 1/8, மாகாணி என்பது 1/16. வீசம் என்பதும் மாகாணியே. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை உரக்கச் சொல்லி இவற்றை மனனம் செய்தனர். நெல் அளப்பதற்கும் நிலம் அளப்பதற்கும் பொன் நிறுப்பதற்கும் இவை தேவைப்பட்டன.

இதே பெயர்கள் பாட்டிலும் வழங்கின. ஒரு கீர்த்தனை தாளத்தின் முதல் தட்டோடு தொடங்கினால் அதைச் சம எடுப்பு என்பர். சற்றுத் தள்ளித் தொடங்கினால் எவ்வளவு தள்ளி என்று சொல்ல வேண்டும். 'அரை இடம்', 'முக்கால் இடம்', 'ஒன்றரை இடம்' என்று பாடகர்கள் இன்றும் சொல்கின்றனர். இங்கே 'ஒன்று' என்பது தாளத்தின் ஓர் எண்ணிக்கை, அதாவது ஓர் அட்சரம். ஓர் அட்சரத்துக்கு நான்கு மாத்திரை என்று கொண்டால், அரை இடம் என்பது இரண்டு மாத்திரை விட்டுத் தொடங்குவது. முக்கால் இடம் என்பது மூன்று மாத்திரை, ஒன்றரை இடம் என்பது ஆறு மாத்திரை. இங்குச் சொல்லும் மாத்திரை தாளத்தின் உட்பிரிவு. எழுத்திலக்கண மாத்திரையோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இசை கற்கத் தொடங்கும் சிறுவருக்கு முதற்பாடம் சரளி வரிசை. அதை ஆதி தாளத்தில் மூன்று காலங்களில் பாடச் செய்வர். ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை. ஒரு தட்டு, அதன்பின் சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என மூன்று எண்ணிக்கை. பிறகு தட்டு, வீச்சு. மீண்டும் தட்டு, வீச்சு. முதற்காலத்தில் எட்டுச் சுரங்கள் எட்டு எண்ணிக்கையில் முடியும். இரண்டாம் காலத்தில் அதே எட்டுச் சுரங்கள் நான்கு எண்ணிக்கையில் முடியும். மூன்றாம் காலத்தில் இரண்டே எண்ணிக்கை. ஒரு சுரத்தின் நீளம் ஒன்று, அரை, கால் எனக் குறைந்துகொண்டே வருகிறது.

இந்தப் பாடத்தில் எல்லாச் சிறுவரும் ஒரு பிழை செய்வர். இரண்டாம் காலத்துக்கு வந்ததும் வாயோடு சேர்ந்து கையும் விரையும். அவ்வாறு விரைந்தால் சுரம் அரையாகவில்லை. 'ஒன்று' சிறுத்துவிட்டது, அவ்வளவே. சுரத்துக்கும் தட்டுக்கும் உள்ள விகிதம் முன்போலவே ஒன்றுக்கு ஒன்றாக இருக்கிறது. அதனால்தான் பாட்டு வாத்தியார் கையைப் பார்த்தே திருத்துவார். கை 'ஒன்றை' வைத்துக்கொள்ள வேண்டும், வாய் அதைப் பகுக்க வேண்டும். பின்னம் கற்பிக்கும் தாள விளையாட்டு எதுவாயினும் அதன் முதல் விதி இதுதான்.

அரையையும் காலையும் தவிர மற்றப் பகுப்புகளுக்குக் கொன்னக்கோல் எனப்படும் தாளச் சொற்கள் உதவின. ஓர் எண்ணிக்கையை மூன்றாகப் பகுக்கத் 'தகிட', நான்காகப் பகுக்கத் 'தகதிமி', ஐந்தாகப் பகுக்கத் 'தகதகிட', ஏழாகப் பகுக்கத் 'தகிடதகதிமி'. இவற்றை முறையே திச்ர, சதுச்ர, கண்ட, மிச்ர நடை என்பர். எழுத்துகளை எண்ணத் தெரியாத சிறுவனும் 'தகதகிட' என்று சீராகச் சொன்னால் ஒன்றை ஐந்து சம பங்காக்கிவிட்டான் என்றே பொருள்.

ஆயினும் எண்சுவடிப் பாடமும் தாளப் பாடமும் தனித்தனியே நடந்தன. முன்னது கணக்கு, பின்னது கலை. பெயர்கள் ஒன்றாக இருந்தும், ஒன்றைக் கொண்டு மற்றொன்றைக் கற்பிக்கும் பள்ளி முறை இங்கிருந்து எழவில்லை. அது பிரான்சு நாட்டில் எழுந்தது.

## போர்தோ நகரத்துக் கணித ஆசிரியர்

பியர் கலான் போர்தோ நகரில் கணிதம் கற்பித்தவர். மேற்கத்திய இசைக் குறியீட்டைத் தாமே கற்க முயன்றபோது அது தேவையின்றிக் கடினமாக இருப்பதாக உணர்ந்தார். தம் புதிய முறையை 1818-இல் நூலாக வெளியிட்டார். இளம் வயதிலேயே இறந்தார்.

கலானின் கணித மனம் கண்ட குறை இது. மேற்கத்தியக் குறியீட்டில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு வடிவம் உண்டு. முழுச் சுரத்தில் பாதி அரைச் சுரம், அதில் பாதி கால் சுரம், அதில் பாதி அரைக்கால் சுரம். ஆனால் பாடும்போது கை தட்டுவது முழுச் சுரத்துக்கு அன்று, பெரும்பாலும் கால் சுரத்துக்கே. எனவே தாளில் 'கால்' என்று இருப்பது கையில் 'ஒன்று' ஆகிறது, தாளில் 'அரைக்கால்' என்று இருப்பது கையில் 'அரை' ஆகிறது. மாணவர் ஒரே நேரத்தில் இரண்டு 'ஒன்று'களை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

கலான் தாளில் இருந்த 'ஒன்றை' விட்டுவிட்டு, கையில் இருந்த 'ஒன்றை' எடுத்துக்கொண்டார். ஒரு தட்டே அலகு. அந்த அலகை இரண்டாகவும் மூன்றாகவும் பகுத்து, ஒவ்வொரு பகுதியையும் மீண்டும் இரண்டாகவும் மூன்றாகவும் பகுத்துக் காட்டும் அட்டவணை ஒன்றை அமைத்தார். ஆசிரியர் கோலால் அதன் ஒரு கட்டத்தைச் சுட்ட, மாணவர் அந்தப் பகுப்பைப் பாடுவர். பின்ன அட்டவணையே இசைப் பாடமாயிற்று.

அவருடைய மாணவர் எமே பாரி அந்தப் பகுப்புகளுக்கு வாய்ச்சொல் கொடுத்தார். ஒரு முழுத் தட்டு 'தா'. இரண்டு பாதிகள் 'தா தே'. மூன்று பங்கு 'தா தே தீ'. நான்கு பங்கு 'தாஃபா தேஃபே'. ஓர் ஒலி அடுத்த பகுதியிலும் நீண்டால் மெய்யை விட்டு உயிரை மட்டும் நீட்டிச் சொல்ல வேண்டும். நம் இசையில் கார்வை என்று சொல்வதும் இதுவே. ஓசையற்ற இடத்துக்கும் ஒரு சொல் வைத்தார். இதனால் மௌனமும் தன் பங்கைப் பெற்றது.

கொன்னக்கோலுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. 'தகிட' என்பது மூன்று அலகைச் சொல்லும். அந்த மூன்றும் சேர்ந்து ஒன்றா, அரையா என்பதைக் கைதான் சொல்ல வேண்டும். பாரியின் சொற்களோ ஒரு தட்டுக்குள் எந்த இடம் என்பதைச் சொல்லும். 'தா' என்றால் தட்டின் தொடக்கம் என்பது எப்போதும் மாறாது.

எமீல் ஷெவே இம்முறையைப் பிரான்சில் பரப்பினார். இங்கிலாந்தில் ஜான் கர்வென் தம் 'டானிக் சோல்ஃபா' முறையில் பாரியின் காலச் சொற்களைச் சற்று மாற்றி எடுத்துக்கொண்டார். 20-ஆம் நூற்றாண்டில் அங்கேரி நாட்டு இசையமைப்பாளர் ஸோல்டான் கோடாயின் வழிவந்த ஆசிரியர்கள் அவற்றை மேலும் எளிமையாக்கி 'டா', 'டிடி' என்றனர். 'டா' ஒரு தட்டு, 'டிடி' அதன் இரு பாதிகள். இவற்றைச் சொல்லிக்கொண்டே குழந்தைகள் கை தட்டி நடப்பர். இதே காலத்தில் செருமனியில் கார்ல் ஓர்ஃப், கைதட்டல், தொடை தட்டல், கால் மிதித்தல், விரல் நொடித்தல் ஆகிய நான்கையும் நான்கு இசைக்கருவிகளைப் போலப் பயன்படுத்தும் முறையை வளர்த்தார். இன்றைய பள்ளிகளில் காணும் கைதட்டல் விளையாட்டுகள் பெரும்பாலும் இவ்விருவர் வழியாக வந்தவை.

## கணக்கு வகுப்புக்குள் தாளம்

இவர்கள் அனைவரும் பின்னத்தைக் கொண்டு இசையைக் கற்பித்தவர்கள். இசையைக் கொண்டு பின்னத்தைக் கற்பிக்க முடியுமா என்ற எதிர்க்கேள்வியைச் சோதித்தவர்களுள் அமெரிக்காவின் சூசன் கோரியும் அவருடன் பணியாற்றியோரும் குறிப்பிடத்தக்கவர்கள். அவர்கள் ஆய்வு 2012-இல் வெளிவந்தது. கலிபோர்னியாவின் பொதுப் பள்ளி ஒன்றில் மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் 67 பேர் இதில் பங்கு பெற்றனர். ஒரு பகுதியினர் வாரம் இருமுறையாக ஆறு வாரங்களில் பன்னிரண்டு பாடங்கள் கற்றனர். கோடாய் முறையில் கைதட்டி, தாளச் சொல் சொல்லி, சுரங்களின் நீளத்தைப் பின்னமாக எழுதிக் கூட்டினர். மற்றப் பகுதியினர் வழக்கமான கணக்குப் பாடத்தையே கற்றனர்.

இங்கே எது 'ஒன்று'? நான்கு தட்டுகள் கொண்ட ஒரு கட்டம். அமெரிக்கர் சுரங்களை முழுச் சுரம், அரைச் சுரம், கால் சுரம் என்றே அழைப்பதால் பெயரே கணக்காகிவிடுகிறது. பிரித்தானிய வழக்கில் இவற்றைச் செமிபிரீவ், மினிம், கிராட்செட் என்பர். அப்பெயர்களிலிருந்து பின்னம் எதுவும் தெரியாது. ஒரு கட்டத்தை நிரப்ப ஓர் அரைச் சுரமும் இரண்டு கால் சுரமும் வேண்டும் என்பது 1/2 + 1/4 + 1/4 = 1 என்ற கணக்கே.

இறுதித் தேர்வில் தாளத்தோடு கற்ற குழந்தைகள் நன்றாகவே முந்தினர். பின்னத்தில் முதலில் பின்தங்கியிருந்தவர்களும் ஏறக்குறையத் தம் வகுப்பின் சிறந்த மாணவர் அளவுக்கு வந்தனர் என்பது இதில் முக்கியம். எனினும் இதன் எல்லையையும் சொல்ல வேண்டும். இது ஒரே பள்ளியில் நடந்தது. குழந்தைகளைத் தனித்தனியே குலுக்கிப் பிரிக்காமல் வகுப்பு வகுப்பாகவே பிரித்தனர். ஆகவே தாளம் செய்த உதவி எவ்வளவு, ஆசிரியரும் வகுப்பும் செய்த உதவி எவ்வளவு என்று இந்த ஒரு சோதனையைக் கொண்டு முற்றாகப் பிரித்துச் சொல்ல இயலாது.

நான்கு தட்டுக் கட்டத்தை விட்டு மூன்று தட்டுக் கட்டத்துக்குப் போனால் இம்முறை இடறும். அங்கே மூன்று கால் சுரங்களோடு கட்டம் நிரம்பிவிடும். 'கட்டம் நிரம்பினால் ஒன்று' என்று பழகிய குழந்தை 1/4 + 1/4 + 1/4 = 1 என்று எழுதும். அதன் தவறு கூட்டலில் இல்லை. கட்டம் இப்போது முழுச் சுரத்தில் முக்கால்தான் என்பதை யாரும் அதற்குச் சொல்லவில்லை. கலான் தாளில் கண்ட இரட்டை 'ஒன்று' இங்கே மீண்டும் தலைகாட்டுகிறது. எனவே இம்முறையைப் பின்பற்றுவோர் பின்னம் உறுதிப்படும் வரை நான்கு தட்டுக் கட்டத்திலேயே நிற்பது நல்லது.

## ஒரு விளையாட்டு: அரையும் மூன்றில் ஒன்றும்

ஐந்தாம் வகுப்பில் 1/2 + 1/3 எவ்வளவு என்றால் 2/5 என்று எழுதும் மாணவர் எப்போதும் உண்டு. மேலதை மேலதோடும் கீழதைக் கீழதோடும் கூட்டிவிடுவர். மேற்கண்ட மரபுகளைச் சேர்த்து இந்தக் கணக்கைத் தாளத்தில் நடத்தும் முறை பின்வருமாறு.

முதலில் 'ஒன்று' வேண்டும். ஒரு நூலில் கல்லைக் கட்டி உத்தரத்திலோ சாளரக் கம்பியிலோ தொங்கவிட வேண்டும். கட்டிய இடத்திலிருந்து கல்லின் நடுவரை நீளம் ஒரு மீட்டர். சிறிதளவே இழுத்து விட்டால் கல் சென்று திரும்ப ஏறத்தாழ இரண்டு விநாடி ஆகும். ஆடுதூரம் குறைந்துகொண்டே வந்தாலும் இந்த நேரம் மாறாது. கல் புறப்பட்ட பக்கம் திரும்பும்போதெல்லாம் முதற்குழு ஒருமுறை கைதட்டும். அந்த இரண்டு விநாடியே 'ஒன்று'.

இரண்டாம் குழுவின் கையில் தேங்காய்ச் சிரட்டை. ஒரு கைதட்டலுக்குள் சமமாக இரண்டு தட்டு. மூன்றாம் குழுவின் கையில் டம்ளரும் குச்சியும். ஒரு கைதட்டலுக்குள் சமமாக மூன்று தட்டு. இரண்டாம் குழு 'தக' என்றும் மூன்றாம் குழு 'தகிட' என்றும் சொல்லிக்கொண்டே தட்டலாம். முதலில் ஒவ்வொரு குழுவும் கைதட்டும் குழுவோடு மட்டும் சேர்ந்து பழக வேண்டும். அதன் பின்னரே மூன்றும் சேர வேண்டும்.

சேர்ந்ததும் இரு குழுக்களும் ஒன்றையொன்று இழுக்கும். சிரட்டைக் குழு டம்ளரைப் பின்தொடரும், அல்லது டம்ளர் சிரட்டையைப் பின்தொடரும். இந்தக் குழப்பமே பாடத்துக்கு வாயில். இரண்டும் பொருந்த ஒரு பொது அளவு வேண்டும் என்பதை மாணவரே உணர்வர். அப்போது தரையில் சுண்ணக்கட்டியால் ஆறு கட்டம் வரைந்து, ஒரு மாணவர் சீராக ஆறு அடி வைத்து நடக்கலாம். ஆறாம் கட்டம் முடிந்து மீண்டும் முதல் கட்டத்துக்கு வரும்போது கைதட்டல் விழும். சிரட்டை முதற்கட்டத்திலும் நான்காம் கட்டத்திலும் ஒலிக்கும். டம்ளர் முதல், மூன்றாம், ஐந்தாம் கட்டங்களில் ஒலிக்கும். சேர்ந்து கேட்டால் ஓசை விழும் கட்டங்கள் ஒன்று, மூன்று, நான்கு, ஐந்து. இரண்டிலும் ஆறிலும் ஓசை இல்லை.

இப்போது கூட்டலைக் கேட்கலாம். சிரட்டையின் ஒரு தட்டு மூன்று கட்ட நீளம். டம்ளரின் ஒரு தட்டு இரண்டு கட்ட நீளம். சிரட்டையின் ஒரு தட்டு முடிந்தவுடன் டம்ளரின் ஒரு தட்டைத் தொடுத்தால் ஐந்து கட்டம் கழியும், ஒரு கட்டம் மிஞ்சும். ஆறில் ஐந்து, அதாவது 5/6. மீதியுள்ள 1/6 மௌனம். 2/5 என்று எழுதியவரிடம் தவறு என்று சொல்லத் தேவையில்லை. அரை மட்டுமே மூன்று கட்டம் போகிறது. 2/5 என்பது பாதியைவிடக் குறைவு. அரையோடு இன்னொன்றைச் சேர்த்தால் எப்படிக் குறையும் என்று கேட்டால் போதும்.

## பிழைகளும் அவற்றை அறியும் வழியும்

இவ்விளையாட்டில் மூன்று பிழைகள் வரும். முதலாவது, முன்பே கண்ட விரைவு. இரண்டிலிருந்து நான்குக்கு மாறும்போது வகுப்பு முழுவதும் விரையும். கல் இதை உடனே காட்டிக்கொடுக்கும். கல் திரும்பும் முன்பே கைதட்டல் விழுந்தால் 'ஒன்று' சுருங்கிவிட்டது. அப்போது தட்டுவோரைத் திருத்தாமல் கைதட்டும் குழுவை மட்டும் கல்லைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது பிழை ஆழமானது. மூன்று தட்டு இரண்டு தட்டைவிட மிகுதி, எனவே 1/3 என்பது 1/2-ஐ விடப் பெரிது என்று குழந்தை நினைக்கும். அது ஓசையை எண்ணுகிறது, நீளத்தை அளக்கவில்லை. தட்டு ஒரு புள்ளி, பின்னம் அடுத்த தட்டு வரையுள்ள இடைவெளி. இதைத் திருத்தத் தட்டுவதை நிறுத்தி, சிரட்டையின் வாயைத் தரையில் தேய்க்கச் சொல்லலாம். ஒரு பங்கு முழுதும் இடைவிடாமல் தேய்த்தால் நீளம் காதுக்கு எட்டும். பழைய நூற்பாவில் நொடியின் முக்கால் பங்கு ஓசையின்றிக் கழிந்ததை இங்கே நினைவுகூரலாம். எமே பாரி உயிரொலியை நீட்டியதும் நம் இசையில் கார்வை விடுவதும் இதே தேவைக்காகத்தான்.

மூன்றாவது பிழை பொருளைச் சார்ந்தது. எவர்சில்வர் தட்டைத் தட்டினால் ஓசை நீண்டு ஒலித்து அடுத்த பங்குக்குள் புகுந்துவிடும். மூன்றா நான்கா என்று காதால் பிரிக்க முடியாது. சிரட்டை, மரத்துண்டு, தீப்பெட்டி ஆகியவை சட்டென அடங்கும் ஓசை தருவன. குழுவுக்கு ஓர் ஓசையாக இருந்தால் யார் எந்தப் பங்கைத் தட்டுகிறார் என்பதும் தெரியும்.

## எல்லைகள்

தாளம் சிறு பகுதி எண்களுக்கே ஏற்றது. இரண்டு, மூன்று, நான்கு, ஆறு, எட்டு ஆகியவை சிறுவர் கைக்கு எளிதில் வரும். ஐந்தும் ஏழும் பயிற்சியின் பின் வரும். 1/11 என்பதையோ 37 விழுக்காட்டையோ தட்டிக் காட்ட முயல்வதில் பயனில்லை. அங்கே தாளும் அளவுகோலும் வேண்டும்.

இரண்டாவது, காலம் கழிந்தால் கழிந்ததுதான். வெட்டிய இரண்டு தாள்களை அருகருகே வைத்துப் பார்ப்பது போல, கடந்துபோன இரண்டு ஓசைகளை அருகருகே வைக்க முடியாது. அதனால்தான் தரையில் கட்டம் வரைவது இன்றியமையாததாகிறது. காது கேட்டதைக் கண் சரிபார்க்க வேண்டும். தாளத்தை மட்டும் நம்பியோ படத்தை மட்டும் நம்பியோ நடத்தும் பாடம் பாதிப் பாடமே.

மூன்றாவது, தாளத்தில் தேர்ந்த குழந்தை தானாகவே பின்னத்தில் தேர்ந்துவிடாது. மாலையில் சரளி வரிசையை மூன்று காலத்திலும் பிழையின்றிப் பாடும் சிறுமி காலையில் 1/2-ஐயும் 1/4-ஐயும் கூட்டத் தெரியாமல் விழிப்பது அரிதன்று. இரண்டும் ஒன்றே என்று யாராவது ஒருமுறை சுட்டிக்காட்ட வேண்டும். தட்டியதை எழுதவும், எழுதியதைத் தட்டவும் செய்ய வேண்டும். தமிழில் இந்த இணைப்புக்குப் புதிய சொல் எதுவும் தேவையில்லை. பாடகர் சொல்லும் 'அரை இடம்', இலக்கணம் சொல்லும் 'அரை மாத்திரை', எண்சுவடி சொல்லும் 'அரை' மூன்றும் ஒரே அரைதான். எதன் அரை என்பதை மட்டும் ஒவ்வொரு முறையும் கேட்டுத் தெளிய வேண்டும்.